ஆக்குவதா, வாங்குவதா?

பாலக்காட்டிலிருந்து கிழக்கே வாளையாறு நோக்கிச் செல்வோர் கஞ்சிக்கோட்டின் தொழிற்கூடங்களைக் கடந்தே செல்வர். மலையின் இடைவெளியைத் தாண்டினால் கோயம்புத்தூர். இறைவைப் பம்புகளுக்கும் அவற்றுக்கான வார்ப்படசாலைகளுக்கும் பேர்பெற்ற நகரம். இவ்விரண்டிற்கும் நடுவில் சிறு பம்புத் தொழில் தொடங்குபவர், பம்பின் வார்ப்பிரும்புக் கூட்டைத் தாமே வார்ப்பதா, கோவையிலிருந்து வாங்குவதா என்று முடிவு செய்தாக வேண்டும். 'மேக் ஆர் பை' என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதற்கு 'ஆக்குவதா, வாங்குவதா' என்பதைவிட நல்ல தமிழ் எனக்கு அகப்படவில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். கூடு ஒன்று 12 கிலோ. வாங்கும் விலை கிலோவுக்கு 110 ரூபாய் எனில், கூட்டுக்கு 1,320 ரூபாய். தாமே வார்த்தால் இரும்பு, மணல், மின்சாரம், கூலி ஆகியவற்றுக்கு 960 ரூபாய் ஆகிறது. 360 ரூபாய் மிச்சம் என்று மனம் மகிழும். ஆனால் உலைக்கு வாங்கிய கடனின் வட்டி, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம், உலை சும்மாயிருந்தாலும் கட்டவேண்டிய மின்தேவைக் கட்டணம் ஆகியவை மாதம் 1,80,000 ரூபாய் என்க. இதை 360-ஆல் வகுத்தால் 500 வரும். மாதம் 500 கூடுகளுக்குக் குறைந்தால் வார்ப்பது நஷ்டமே. 300 கூடுகள் மட்டும் தேவைப்படுபவர் மாதந்தோறும் 72,000 ரூபாய் இழப்பார்.

அத்துடன் புதிய உலையில் கழிவு மிகுதி. மணலில் ஈரம் சற்று கூடினாலும் ஆவி இரும்புக்குள் சிக்கிக் காற்றுத்துளையாகும். வெளித்தோற்றத்தில் அது தெரியாது. கடைசலில் ஒரு பரல் சீவியபிறகோ, நீரழுத்தச் சோதனையில் கூடு வியர்க்கும்போதோதான் தெரியவரும். கழிந்த இரும்பை மீண்டும் உருக்கலாம். செலவான மின்சாரமும் கூலியும் மீளா.

அப்படியானால் வாங்குவதே மேலா? அதில்தான் வேறொரு இடர் ஒளிந்திருக்கிறது. கோடை நெருங்கும்போது உழவர்கள் பம்பு கேட்பர். அதே வேளையில் பெரிய ஆலைகளும் வார்ப்படசாலைக்கு ஆயிரக்கணக்கில் ஆணை தரும். 300 கூடு கேட்பவரின் முறை பின்தள்ளப்படும். அவர் வேறு சாலையை நாடலாமே என்றால், வார்ப்பு மாதிரி எங்கே இருக்கிறது? 'பேட்டர்ன்' என்று தொழிலாளர் சொல்லும் அம்மாதிரியை வார்ப்படசாலையே தன் செலவில் செய்து வைத்திருந்தால், அது அங்கேயே கிடக்கும். புதிதாகச் செய்து சோதித்து முடிப்பதற்குள் கோடையும் கழிந்துவிடும். தொடக்கத்தில் இலவசமாகக் கிடைத்த மாதிரி, பின்னர் விலையுயர்வை மறுக்கமுடியாதபடி கட்டிப்போடும் கயிறாகிறது.

ஆகவே 300 கூடுகளின் தொழிலுக்கு நான் சொல்வது இது: வார்ப்பை வாங்குக, மாதிரியைச் சொந்தப் பணத்தில் செய்து, அது தம்முடையது என்று எழுத்தில் பெறுக. இரண்டாவது சாலை ஒன்றுக்கு மாதம் 60 கூடுகளேனும் கொடுத்துப் பழக்குக. சற்று விலை கூடினாலும் பாதகமில்லை. கடைசலையும் நீரழுத்தச் சோதனையையும் வெளியே விடலாகாது; குறையைக் கண்டுபிடிக்கும் இடம் அவைதாம். ஆணைகள் பல மாதம் தொடர்ந்து 500-ஐத் தாண்டினால் உலைக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடையின் ஆணைகளை மட்டும் கண்டு உலைக்குக் கடன் வாங்குவது கூடாது.