இரு கரைசல்களைக் கலந்தால் செறிவு என்ன?

(ஸ்ரீபெரும்புதூர் பகுதி அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வகுப்புகளில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 0.5 M சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 200 மி.லி. இருக்கிறது. அதனுடன் 2 M சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 100 மி.லி. சேர்க்கிறோம். கலவையின் மோலாரிட்டி என்ன? பலர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 1.25 M என்று எழுதுவார்கள். இன்னும் சிலர் கூட்டுவதோடு நிறுத்தி 2.5 M என்பார்கள். இரண்டும் தவறு.

இந்தத் தவறுக்குக் காரணம் கணக்கில் பலவீனம் அல்ல. மோலாரிட்டி என்பது ஒரு பொருளின் அளவு என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். அது அளவு அல்ல, வீதம். ஒரு லிட்டர் கரைசலுக்குள் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறது என்பதையே அது சொல்கிறது. வீதங்களைக் கூட்ட முடியாது, மோல்களைக் கூட்டலாம். ஆகவே பலகையில் முதலில் எழுத வேண்டியது சூத்திரம் அல்ல, "எத்தனை மோல் உள்ளே வந்தது?" என்ற கேள்வி.

மோலாரிட்டியை மி.லி.-ஆல் பெருக்கினால் மில்லிமோல் கிடைக்கும். முதல் கரைசலில் 0.5 × 200 = 100 மில்லிமோல். இரண்டாவதில் 2 × 100 = 200 மில்லிமோல். மொத்தம் 300 மில்லிமோல். மொத்தக் கன அளவும் 300 மி.லி. எனவே செறிவு 1.0 M. இதைச் செய்த பிறகு சூத்திரம் தானாக வந்து நிற்கும்:

M = (M₁V₁ + M₂V₂) / (V₁ + V₂)

விடை சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கலவையின் செறிவு எப்போதும் இரண்டு செறிவுகளுக்கும் இடையில்தான் இருக்கும். அதிகக் கன அளவு கொண்ட கரைசலின் பக்கம் சாய்ந்திருக்கும். ஓர் எண்கோட்டில் 0.5, 1.0, 2.0 ஆகியவற்றைக் குறியுங்கள். விடையிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரம் 0.5, 1.0, அதாவது 1:2. கன அளவுகளின் விகிதம் 2:1. தலைகீழாக இருக்கிறது அல்லவா? கன அளவு சமமாக இருந்தால் விடை நட்டநடுவில் வரும். சராசரி எடுப்பது சரியாகிற ஒரே இடம் அதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் தயாராகின்றன. கார் உடலுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் தகட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெயை நீக்க வேண்டும். அதற்குப் பெயின்ட் ஷாப்பில் காரக் கரைசல் நிரம்பிய தொட்டிகள் இருக்கும். ஒவ்வொரு உடலும் வெளியே போகும்போது கொஞ்சம் கரைசலை ஒட்டி எடுத்துப் போகும். காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடும் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். செறிவு இறங்கும், எண்ணெய் சரியாகப் போகாது, பெயின்ட் ஒட்டாது. அதனால் தொட்டியிலிருந்து 10 மி.லி. எடுத்து 0.1 N அமிலத்தால் தரம் பார்ப்பார்கள். எத்தனை மி.லி. அமிலம் செலவாகிறதோ, அத்தனை 'பாயின்ட்'. 15 மி.லி. என்றால் 15 பாயின்ட். நம் மொழியில் அது 0.15 M காரம்.

உண்மையான தொட்டியில் சோடியம் ஹைட்ராக்சைடுடன் வேறு உப்புகளும் சோப்புத் தன்மையுள்ள பொருள்களும் கலந்திருக்கும். வகுப்புக்காக வெறும் சோடியம் ஹைட்ராக்சைடு என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் 4000 லிட்டர், 0.15 M. அதை 0.20 M ஆக்க வேண்டும். கையில் இருப்பது 4.2 M கரைசல். எத்தனை லிட்டர் ஊற்றுவது?

ஊற்ற வேண்டியது x லிட்டர் என்க. உள்ளே இருப்பது 0.15 × 4000 = 600 மோல். வருவது 4.2x மோல். முடிவில் கன அளவு 4000 + x, செறிவு 0.20 M.

600 + 4.2x = 0.20 (4000 + x)
600 + 4.2x = 800 + 0.20x
4x = 200
x = 50 லிட்டர்

சரிபார்ப்போம். மோல்கள் 600 + 210 = 810. கன அளவு 4050 லிட்டர். 810 ÷ 4050 = 0.20. சராசரி எடுத்தவர் 2.175 M என்பார். 4000 லிட்டர் தொட்டியில் இரண்டு குடம், மூன்று குடம் அளவு ஊற்றியதற்கு, செறிவு பதினான்கு மடங்குக்கு மேல் ஏறுமா என்று கேட்டால், மாணவரே சிரித்துவிடுவார்.

இங்கே இன்னொரு நுட்பமான தவறும் வரும். "குறைவது 200 மோல், 200 ÷ 4.2 = 47.6 லிட்டர்" என்று முடித்துவிடுவார்கள். ஊற்றிய கரைசலும் கன அளவைக் கூட்டுகிறது என்பது இதில் விட்டுப்போகிறது. வருகிற கரைசல் அடர்த்தியாக இருப்பதால் பிழை சிறியது, 0.198 M வரும். ஆனால் 4.2 M-க்குப் பதிலாக 0.4 M கரைசலை ஊற்றினால், இதே வழி 500 லிட்டர் என்று சொல்லும். உண்மையில் தேவை 1000 லிட்டர்.

இதைப் பள்ளி ஆய்வகத்திலேயே நிரூபிக்கலாம். ஏறத்தாழ 0.1 M, 0.2 M சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்கள் இரண்டு தயார் செய்யுங்கள். லிட்டருக்கு 4 கிராம், 8 கிராம். பியூரெட்டில் ஏறத்தாழ 0.1 M ஹைட்ரோகுளோரிக் அமிலம், கூம்புக் குடுவையில் பினாப்தலீன். முதலில் ஒவ்வொன்றையும் 20 மி.லி. எடுத்துத் தனித்தனியே தரம் பாருங்கள். பிறகு முதல் கரைசலில் மூன்று பிப்பெட், இரண்டாவதில் இரண்டு பிப்பெட் எடுத்து, உலர்ந்த பீக்கரில் நன்றாகக் கலக்கி, அதிலிருந்து 20 மி.லி. எடுத்துத் தரம் பாருங்கள்.

தனித்தனி அளவுகள் 20, 40 மி.லி. என்றால் கலவைக்கு (3×20 + 2×40) ÷ 5 = 28 மி.லி. வர வேண்டும். சராசரி சொல்வது 30. இரண்டு மி.லி. வேறுபாட்டைப் பியூரெட் தெளிவாகக் காட்டும். சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சுவதால், எடைபோட்ட அளவு துல்லியமாக இருக்காது. கவலை வேண்டாம். உங்களுக்கு 19.2, 38.6 வந்தால் கலவைக்கு 27.0 வரும். ஒப்பிடுவதெல்லாம் ஒரே அமிலத்தோடு என்பதால், அமிலத்தின் துல்லியமான செறிவும் தேவையில்லை. பீக்கர் ஈரமாக இருந்தால் மட்டும் விடை குறைவாக வரும். கண் கண்ணாடி, கையுறை அவசியம்.

கடைசியாக, இந்தச் சூத்திரம் எங்கே நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மோல்களைக் கூட்டுவது எப்போதும் சரி, கரைபொருள் ஒன்றாக இருந்து வினை நடக்காதவரை. கன அளவுகளைக் கூட்டுவதுதான் தோராயம். 50 மி.லி. எத்தனாலும் 50 மி.லி. நீரும் சேர்ந்தால் 100 வராது, ஏறத்தாழ 96 மி.லி.தான் வரும். அடர் கந்தக அமிலத்தை நீர்த்த அமிலத்தோடு கலந்தாலும் கன அளவு சுருங்கும்; வெப்பமும் கிளம்பும். இதை வகுப்பில் செய்து பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட இடங்களில் கலவையைக் குளிரவிட்டு, கன அளவை அளந்து, அதனால் மோல்களை வகுக்க வேண்டும். நீர்த்த கரைசல்களுக்கு V₁ + V₂ போதுமானது.

ஆகவே விடைத்தாளில் மாணவர் மூன்று வரிகள் எழுதட்டும்: மொத்த மோல், மொத்தக் கன அளவு, வகுத்த விடை. முதல் இரண்டு வரிகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். வீதத்தைக் கூட்டும் பழக்கம் அங்கேதான் நிற்கும்.