சிதறிய குறிகள், ஒரே நோய்



நாற்பத்தைந்து வயதினர் ஒருவரைக் கருதுவோம். அவர் மூக்கினுள் குருதி கலந்த பொருக்கு மாதக்கணக்கில் படிகிறது. சைனஸ் அழற்சியோ மருந்துக்கு அடங்கவில்லை. பின்னர் இருமல் வர, மார்புப் படத்தில் நுரையீரல் முடிச்சுகள் தெரிகின்றன. காசநோயும் புற்றுநோயும் இவ்வாறு தோன்றலாம். ஆகவே அவற்றையும் ஆராய்ந்தே விலக்க வேண்டும்.

மூக்கையும் நுரையீரலையும் தனித்தனியே நோக்குவோர்க்கு இவை இரு நோய்கள். இணைத்து நோக்குவோர்க்குச் சிறு குருதிக்குழாய்களின் அழற்சி என்னும் ஒரே நோய். வெகனர் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கிய இதற்கு, 2011இல் நோயின் இயல்பைச் சுட்டும் பெயர் முன்மொழியப்பட்டது.

இந்நோயில் சிறுநீரகம் வலியின்றியே பழுதாகும். எனவே சிறுநீரில் குருதியும் புரதமும் உண்டா என உடனே காணவேண்டும். இவர்க்கு இரண்டும் இருந்தன எனக் கொள்வோம். குருதியில் ‘ஆன்கா’ எதிர்பொருள் காணப்பட்டால் ஐயம் வலுக்கும்; ஆயினும் நோய் மூக்கோடு நிற்கையில் அது காணப்படாமலும் போகலாம்.

திசு ஆய்வு உறுதி தரும். மூக்கின் சிறு துணுக்கு பலவேளை வெறும் அழற்சியையே காட்டும். அது நோயின்மைக்குச் சான்றன்று. இவர்க்குச் சிறுநீரகத் திசுவே தெளிவான விடை தரக்கூடும்.