பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண்ணைத் திட்டும் சத்தம் கேட்டால்
(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2024 ஜனவரியில் வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். சென்னை திருவான்மியூரில் ஒரு ஃப்ளாட்டில் தங்கி வேலை செய்த இளம்பெண், தன்னைத் திட்டி, அடித்துத் துன்புறுத்தியதாகச் சொன்னார். அவர் வாய் திறந்தது எப்போது? பொங்கலுக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் சொந்த ஊருக்குப் போனபோதுதான். அங்கே அரசு மருத்துவமனைக்குப் போனார்; மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தந்தது; வழக்கும் கைதும் வந்தன. குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த வீட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவரால் பேச முடிந்தது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

அடித்தால் காயம் இருக்கும். திட்டுக்குக் காயம் இல்லை. வெறும் அவமதிப்பு என்றால் போலீசார் தாமாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும். ஆனால் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதைப் பொறுத்து நிலைமை மாறும்.

பாலியல் பொருள்படப் பேசினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பொருந்தும். அதில் வீடும் பணியிடம்தான். மாவட்டத்தில் உள்ள உள்ளூர் புகார் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக்கொடுக்க உதவுவது குழுவின் கடமை. முகாந்திரம் இருந்தால் ஏழு நாளுக்குள் குழுவே போலீசுக்கு அனுப்ப வேண்டும்.

பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்ணைச் சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். ஆனால் பொது மக்கள் பார்வையில் நடந்திருக்க வேண்டும். வெளியார் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் பேசியது இதில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 2008-ல், வீட்டு வாசல் கேட் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடம் என்றது. ஆகவே காரிடாரில், கேட்டில் நடந்ததைப் பார்த்த வாட்ச்மேனும் நாமும் சாட்சிகள். அந்தப் பெண்ணுக்கு நாம் தரக்கூடிய பெரிய உதவி அதுதான்.

இப்போது ஒரு நிலைமையை வைத்துப் பார்ப்போம். மூன்றாவது மாடியில் ஒரு அம்மா தினமும் கத்துகிறார். வேலை செய்யும் பெண் கண் கலங்கி லிஃப்டில் இறங்குகிறார். நாம் உடனே அந்த வீட்டுக் கதவைத் தட்டி நியாயம் கேட்டால் என்ன ஆகும்? "என்னைப் பற்றி வெளியே சொன்னாயா?" என்று மறுநாள் அவளுக்கே விழும். சம்பள பாக்கி நிற்கும். நகை காணவில்லை என்ற பழி கூட வரலாம். ஐயம்பேட்டை மாதிரி ஊரில் அந்தப் பேச்சு தறிக்கூடம் வரை போய்விடும். அடுத்த வீட்டு வேலை கிடைக்காது.

அதனால் தனியாக, கீழே அல்லது பஸ் நிறுத்தத்தில் பார்க்கும்போது மெதுவாகக் கேளுங்கள்: "ஏம்மா, உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை அவரே பேசுவார். பேசினால், என்ன செய்யலாம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, யார் கேட்டார்கள் என்பதைத் தன் வீட்டில் ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும் வீட்டிலும், அந்த வீட்டார் வாங்கித்தந்த போனிலும் வேண்டாம். வேலையை விடுவதானால் சம்பள பாக்கியை வாங்கி, ஆதார் அட்டை முதலிய தன் பொருள்களை எடுத்துக்கொண்டு, கூட ஒருவர் இருக்கும்போது சொல்லிவிட்டு வருவது நல்லது.

போன் செய்ய நான்கு எண்கள். பெண்கள் உதவி எண் 181. சட்ட உதவிக்கு 15100; பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அடி விழுந்தாலோ, பூட்டி வைத்தாலோ, மிரட்டினாலோ தாமதிக்காமல் 112. அந்த நிலையில் மட்டும், அவரிடம் கேட்காமலேயே நாம் அழைக்கலாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் 1098. போலீசில் எழுத்துப் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த எண்களை நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டினால், வீட்டுக்கார அம்மா பார்க்க அதை நின்று படிக்க யாருக்கும் தைரியம் வராது. வேலைக்கு வருபவர்கள் பயன்படுத்தும் கழிவறையின் உள்பக்கக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஒரு பெண்ணைக் கேட்டில் நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்காரர் வாய்மொழியாகச் சொன்னால், செக்யூரிட்டி அதைச் செயலாளருக்குச் சொல்லாமல் செய்யக் கூடாது என்றும் முடிவெடுங்கள்.