கையெழுத்தால் கரையாத பணிக்கொடை

சட்டம் பயில்வோரும் தொழிற்சங்கத்தாரும் மனிதவள அலுவலர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். எனவே மூன்று தரப்பாரின் கையிலும் புழங்கும் ஒரு தாளிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் வந்த ஒரு மேற்பார்வையாளரின் நியமனக் கடிதம் அது. அதன் பதினோராவது பிரிவு இப்படிச் சொன்னது: 'என் சம்பளத்திலேயே பணிக்கொடையும் அடக்கம், தனியாகக் கோரமாட்டேன்.' கீழே அவருடைய கையெழுத்து. 8 ஆண்டு 7 மாதம் உழைத்து 2019-இல் விலகியபோது, கடைசி மாதச் சம்பளத்தையும் விடுப்புப் பணத்தையும் கொடுத்து, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று இன்னொரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைய சட்டத்தின் கணக்கு வேறு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 1,000. ஓர் ஆண்டுக்கு 15 நாள் என்றால் 15,000. ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு ஆண்டாகும் என்பதால் ஒன்பது ஆண்டுகள். ஆக 1,35,000 ரூபாய்.

பதினோராவது பிரிவு இதைத் தடுக்குமா? தடுக்காது. அப்போது நடப்பில் இருந்த 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தனக்கு முரணான ஒப்பந்தம் எதுவானாலும் சட்டமே மேலோங்கும் என்றது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் ஒரு சட்டத்தின் நோக்கத்தை முறியடிக்கும் உடன்பாட்டை ஏற்பதில்லை. மற்றபடி நியமனக் கடிதம் செல்லும்; அந்த ஒரு பிரிவு மட்டும் உதிர்ந்துவிடும்.

விரும்பித்தானே கையெழுத்திட்டார் என்று கேட்கலாம். தனக்காக மட்டும் தரப்பட்ட சலுகையை ஒருவர் விட்டுக்கொடுக்கலாம். பொதுநலனுக்காக வகுத்ததை விட முடியாது என்பது 1971-இல் லச்சூ மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்த கோட்பாடு. ஒருவருடைய விட்டுக்கொடுப்பு செல்லுமானால், நாளை வேலை கேட்டு வரிசையில் நிற்கும் அத்தனை பேரிடமும் அதே தாள் நீட்டப்படும். பிறகு சட்டம் புத்தகத்தில் மட்டுமே இருக்கும்.

இதற்கு எல்லையும் உண்டு. சட்டம் தருவதைவிடக் கூடுதலாகத் தரும் ஒப்பந்தம் செல்லும். தொகை எவ்வளவு என்பதில் மெய்யான தகராறு எழுந்து, அதிகாரியின் முன் இரு தரப்பும் செய்துகொள்ளும் சமரசத்தையும் முன்கூட்டி எழுதி வாங்கிய துறப்பையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை உங்கள் கட்டுரைகள் ஆராய வேண்டும்.

அந்த மேற்பார்வையாளர் என்னிடம் வந்தது பணம் கேட்கவல்ல. 'கையெழுத்துப் போட்டுவிட்டேனே, என்மேல் வழக்குப் போடுவார்களா?' என்று கேட்கத்தான். செல்லாத பிரிவைத் தாளில் விட்டுவைப்பதன் பலன் அந்தப் பயம்தான். அமர்வு தொடங்கட்டும்.