கண்ணு பெருசா தெரியணும்: லிஃப்டா, டின்ட்டா, ஃபால்ஸ் லேஷா?

இந்த எபிசோட் ஒரு தோழி கேட்ட கேள்வியில இருந்து வந்தது. "அடுத்த மாசம் அக்கா கல்யாணம். மேக்கப் போட்ட மாதிரியே தெரியக்கூடாது, ஆனா கண்ணு நல்லா விரிஞ்சு பெருசா தெரியணும். பார்லர்ல லிஃப்ட், டின்ட், ஃபால்ஸ் லேஷ்னு மூணு சொல்றாங்க. எதுடி?"

மூணும் ஒரே வேலையைச் செய்யுறதில்ல. லிஃப்ட் இமைமுடியோட திசையை மாத்தும், டின்ட் நிறத்தை மாத்தும், ஃபால்ஸ் லேஷ் நீளத்தையும் அடர்த்தியையும் கூட்டும். அதனால உங்க முடியில எது குறையுதுன்னு முதல்ல பாருங்க.

இவளுக்கு முடி நல்ல கறுப்பு, நீளமும் போதும். ஆனா நேரா முன்னாடி நீட்டிட்டு, கொஞ்சம் கீழ தொங்குது. ஒரு பென்சிலை உங்க முகத்துக்கு நேரா நீட்டினா அதோட முனைதான் தெரியும், நீளம் தெரியாது. இதுவும் அதே கதைதான். பக்கத்துல இருந்து பார்த்தா முடி இருக்கு, எதிர்ல இருந்து பார்த்தா இல்ல. போதாக்குறைக்கு கருவிழி மேல நிழலும் விழுது. அதே முடியை மேல தூக்கி விட்டா முழு நீளமும் தெரியும், கண்ணும் திறந்த மாதிரி இருக்கும்.

இதைச் செலவில்லாம டெஸ்ட் பண்ணலாம். ஒரு கண்ணுல மட்டும் லேஷ் கர்லரை வச்சு பத்து செகண்ட் அழுத்திட்டு கண்ணாடியைப் பாருங்க. அந்தக் கண்ணு பிடிச்சிருந்தா உங்களுக்கு லிஃப்ட் போதும். கர்ல் பண்ணியும் வித்தியாசம் தெரியல, மஸ்காரா போட்டாதான் தெரியுதுன்னா டின்ட் பத்தி யோசிக்கலாம்.

லிஃப்ட்ல நடக்கிறது முடியை பெர்ம் பண்ற அதே கெமிஸ்ட்ரி. மேல் இமையில ஒரு சிலிக்கான் ஷீல்டை ஒட்டி, அது மேல முடியை ஒவ்வொண்ணா பிரிச்சுப் படிய வைப்பாங்க. முதல் லோஷன் முடிக்குள்ள இருக்கிற பிணைப்புகளைத் தளர்த்தும், ரெண்டாவது லோஷன் புது வளைவுல அதைப் பூட்டும். முதல் லோஷனை முடியோட அடிப்பகுதியில மட்டும்தான் தடவணும். நுனி மெல்லிசு, அதுல பட்டா கருகின மாதிரி சுருண்டுடும். அப்படி ஆயிட்டா சரி பண்ண வழியில்ல, அது உதிர்ந்து புதுசு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

நிறைய பேர் கோட்டை விடுறது ஷீல்ட் சைஸ்ல. சின்ன ஷீல்ட் வச்சா நிறைய சுருளும், அதனால கண்ணு இன்னும் பெருசா தெரியும்னு நினைக்கிறாங்க. ஆனா நீளமான முடி சின்ன ஷீல்டுல இமைத் தோல் வரைக்கும் பின்னாடி வளைஞ்சிடும். எதிர்ல பார்க்கும்போது முடி குட்டையா தெரியும். இவ முடிக்கு மீடியம் சரி.

டின்ட் இவளுக்குத் தேவையே இல்ல. கறுப்பு மேல கறுப்பு அடிச்சு என்ன ஆகப்போகுது? நுனி பழுப்பா வெளுத்துப் போனவங்களுக்கு அது உதவும். பல டின்ட்கள்ல ஹேர் டைல இருக்கிற பிபிடி வகை சாயம் இருக்கு. கறுப்பு மெஹந்தியோ ஹேர் டையோ போட்டு எப்பவாவது அரிச்சு, வீங்கியிருந்தா டின்ட் பக்கமே போகாதீங்க. 1930-கள்ல அமெரிக்காவுல "லேஷ் லூர்"னு ஒரு இமைச் சாயத்தால கண்பார்வை போனவங்க இருக்காங்க. அதுலயும் இதே குடும்பத்துச் சாயம்தான்.

ஃபால்ஸ் லேஷ் ஒரு சாயங்காலத்துக்கு ஓகே. கண்ணு விரிஞ்சு தெரியணும்னா நடுவுல நீளமா இருக்கிறதை வாங்குங்க. ஓரத்துல நீளமா இருந்தா கண்ணு பக்கவாட்டுல இழுத்த மாதிரி ஆகும். அடிப்பட்டை மெல்லிசா, நிறமில்லாம இருக்கட்டும். உங்க இமையில வச்சு அளந்து, வெளி ஓரத்துல மட்டும் கத்தரிங்க. பசை தடவினதும் ஒட்டாதீங்க, அரை நிமிஷம் விட்டா பிசுபிசுப்பு வரும், அப்ப ஒட்டுங்க. ஆனா ஹோமப் புகை, வியர்வை, தாலி கட்டும்போது வர்ற கண்ணீர்னு எல்லாம் சேர்ந்தா மூக்குப் பக்க ஓரம்தான் முதல்ல கிளம்பும். முகூர்த்தத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

அதனால இவ பிளான் இதுதான்: லிஃப்ட் மட்டும், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடி. அதுக்கும் ரெண்டு நாள் முன்னாடி காது பின்னால பேட்ச் டெஸ்ட். லிஃப்ட் பண்ணும்போது கான்டாக்ட் லென்ஸைக் கழட்டணும், கண்ணு சிவந்திருந்தா தள்ளிப் போடணும். முடிஞ்சப்புறம் ஒரு நாள் முழுக்க தண்ணி, ஆவி, மஸ்காரா எதுவும் படக்கூடாது, குப்புறப் படுக்கவும் வேண்டாம்.

பலன் ஆறுல இருந்து எட்டு வாரம் நிக்கும். கடைசியில பழைய முடி மேல பார்க்கும், புதுசா முளைச்சது கீழ பார்க்கும், கொஞ்சம் கலைஞ்சு தெரியும். அந்த எரிச்சல்ல நாலாவது வாரமே மறுபடி பண்ணச் சொல்லாதீங்க, ஏற்கனவே வளைச்ச முடி மேல திரும்ப லோஷன் பட்டா வறண்டு உடையும். அதுவரைக்கும் கர்லர் இருக்கே!