பாஸ்புக்கில் கூடுது, பையில் குறையுது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ராஜகீழ்ப்பாக்கம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டைப் பார்த்துக்கிறேன். எங்க குழுவுக்குக் கணக்கு எழுதுறேன். அதனால வட்டியைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் வட்டியோட சேர்த்து விலையைப் பத்தியும் பேசப் போறேன். ஏன்னா இந்த ரெண்டையும் தனித்தனியா பார்த்தா கணக்கு தப்பாத்தான் வரும்.

ஒரு குழுவோட சேமிப்புல 50,000 ரூபாய் யாருக்கும் கடன் போகாம கிடக்குதுன்னு வச்சுக்கோங்க. 2021 ஜனவரி மாசம். அந்தப் பணத்தை ஸ்டேட் பேங்க்ல மூணு வருஷத்துக்கு டெபாசிட் போட்டிருந்தா அப்போ வட்டி 5.3 சதவீதம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டியை அசலோட சேர்ப்பாங்க. 2024 ஜனவரியில கையில வரும் தொகை ஏறக்குறைய 58,550 ரூபாய். எட்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல லாபம்னு தீர்மானப் புத்தகத்துல எழுதிடுவோம். கை தட்டுவோம்.

இப்போ விலைக் கணக்குக்கு வாங்க. மத்திய அரசின் புள்ளியியல் துறை மாசா மாசம் நுகர்வோர் விலைக் குறியீடுன்னு ஒண்ணு வெளியிடுது. டிவியில "பணவீக்கம் இவ்வளவு சதவீதம்"னு சொல்றது இதை வச்சுத்தான். அரிசி, பருப்பு, காய், துணி, வாடகை, மருந்து, பஸ் கட்டணம்னு ஒரு குடும்பம் வாங்குற சாமான்களை ஒரே கூடையா நெனச்சுக்கிட்டு, அந்தக் கூடை போன வருஷம் என்ன விலை, இந்த வருஷம் என்ன விலைன்னு பாக்குறாங்க. அந்தக் கணக்குப்படி 2021 ஜனவரியில 50,000 ரூபாய்க்கு வாங்கின கூடையை 2024 ஜனவரியில வாங்க ஏறக்குறைய 59,300 ரூபாய் வேணும்.

நம்ம கையில 58,550. கூடையோட விலை 59,300. எட்டாயிரத்து ஐந்நூறு லாபம்னு கை தட்டினோமே, உண்மையில 750 ரூபாய் குறையுது. பணத்தை யாரும் திருடல, பேங்கும் ஏமாத்தல. சொன்ன வட்டியைச் சரியாத்தான் குடுத்தாங்க. பாஸ்புக்குல தெரியுறது பேருக்கு வந்த வட்டி. அதுல விலை ஏறினதைக் கழிச்சா மிஞ்சுறதுதான் நெஜமான வட்டி. கழிக்கிறதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். வருஷ வட்டி எத்தனை சதவீதம், வருஷத்துல விலை எத்தனை சதவீதம் ஏறிச்சு, ரெண்டையும் கழிச்சா நம்ம தேவைக்குப் போதுமான அளவுக்கு விடை வந்துடும்.

அதே 50,000 டெபாசிட் ஆகாம சாதாரண சேமிப்புக் கணக்குலயே கிடந்திருந்தா? அந்த மூணு வருஷமும் அங்க வட்டி 2.7 சதவீதம். பணம் 54,200 ஆகியிருக்கும். கூடைக்கு 5,100 ரூபாய் பத்தாது. நம்ம கூட்டமைப்புல எத்தனை குழுவோட பணம் சேமிப்புக் கணக்குல சும்மா இருக்குன்னு ஒவ்வொரு குழுவும் தன் பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தா தெரியும்.

பெரியவங்க ஒண்ணு சொல்லுவாங்க. "அந்தக் காலத்துல பேங்க்காரன் ஒம்பது வட்டி குடுத்தான், இப்போ குறைச்சுட்டான்"னு. 2012, 2013-ல டெபாசிட்டுக்கு ஒன்பது சதவீதம் பக்கத்துல குடுத்தது நெஜம்தான். ஆனா அந்த வருஷங்கள்ல விலை ஏற்றம் பத்து சதவீதத்தை ஒட்டி இருந்துச்சு. ஒன்பது வாங்கி பத்து குடுத்தோம். 2024-ல ஸ்டேட் பேங்க் ஒரு வருஷ டெபாசிட்டுக்கு 6.8 சதவீதம் குடுத்தாங்க. 2024-25-ல விலை ஏற்றம் சராசரி 4.6 சதவீதம். ரெண்டு சதவீதத்துக்கு மேல நெஜமா மிஞ்சிச்சு. ஆக, குறைஞ்ச வட்டி குடுத்த காலத்துலதான் சேமிச்சவங்களுக்கு நல்லது நடந்திருக்கு. வட்டி நம்பர் பெருசா இருக்கேன்னு மட்டும் பார்த்தா இது கண்ணுக்கே தெரியாது.

2025 நடுவுல விலை ஏற்றம் ரெண்டு சதவீதத்துக்கும் கீழ போச்சு. அதைக் கேட்டுட்டு எங்க தெருவுல ஒரு அக்கா, "விலை குறைஞ்சுடுச்சாமே, கடையில எங்க குறைஞ்சிருக்கு?"ன்னு கோவமா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஏற்றம் குறைஞ்சா விலை இறங்கிச்சுன்னு அர்த்தம் இல்ல, ஏறுற வேகம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். மாடிப்படியில நாலு படி ஏறிட்டு, அஞ்சாவது படியை மெதுவா ஏறுற மாதிரி. ஏறின நாலு படியும் ஏறினதுதான். அதே 2025 ஜூன்ல ஸ்டேட் பேங்க் சேமிப்புக் கணக்கு வட்டியையும் 2.5-ஆ குறைச்சுட்டாங்க. அதனால இந்தக் கழித்தலை ஒரு தடவை போட்டுட்டு விட முடியாது, வருஷா வருஷம் போடணும்.

இன்னொரு விஷயம். அரசாங்கத்தோட கூடையும் நம்ம வீட்டுக் கூடையும் ஒண்ணு இல்ல. 2025 வரைக்கும் அவங்க கணக்குல சாப்பாட்டுச் சாமானுக்கு நூத்துக்கு 46 பங்கு கிட்ட இருந்துச்சு. நம்மள்ல வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்கும், ரெண்டு பிள்ளைங்களை ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறவங்களுக்கும் பங்கு வேற மாதிரி இருக்கும். கேஸ் சிலிண்டரையே எடுத்துக்கோங்க. சென்னையில 2021 ஜனவரியில 710 ரூபாய். 2023 மார்ச்சுல 1,118 ரூபாய் 50 காசு. அப்புறம் குறைச்சு, 2024 ஜனவரியில 918 ரூபாய் 50 காசு. குறைச்ச பிறகும் மூணு வருஷத்துல நூத்துக்கு 29 ரூபாய் ஏற்றம். 2022 நவம்பர்ல ஆவின் ஆரஞ்சு பாக்கெட், கார்டு இல்லாதவங்களுக்கு லிட்டர் 48-ல இருந்து ஒரே நாள்ல 60 ஆச்சு. வருஷத்துக்கு ஒரு மாசம், ஜனவரின்னு வச்சுக்கோங்க, வீட்டுச் செலவை ஒரு நோட்டுல எழுதி, அடுத்த ஜனவரியில அதே சாமான், அதே அளவு என்ன விலைன்னு பாருங்க. சாமானையோ அளவையோ மாத்திட்டா அது விலை ஏற்றக் கணக்கு இல்ல, செலவுக் கணக்கு ஆயிடும்.

இப்போ எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கிறதைச் சொல்றேன். 2012-ல 100 ரூபாய்க்கு வாங்கின கூடை 2024-ல ஏறக்குறைய 190 ரூபாய். 2012-ல ஒரு குழு மாசம் 100 ரூபாய் சேமிப்புன்னு தீர்மானம் போட்டு, இன்னிக்கும் அதே 100 கட்டிக்கிட்டு இருந்தா, அந்தக் குழுவோட சேமிப்பு பாதியா குறைஞ்சு போச்சுன்னுதான் அர்த்தம். யாரும் குறைக்கணும்னு தீர்மானம் போடல. தீர்மானத்தை மாத்தாம விட்டதே குறைச்சிருச்சு.

அந்தக் குழுவுல ஒரு பெண் 2012-ல இருந்து 2023 முடிய பன்னெண்டு வருஷம் விடாம கட்டிட்டு, வீடு மாறி வேற ஊருக்குப் போறாங்கன்னு வைங்க. மொத்தம் 14,400 கட்டியிருப்பாங்க. சில குழுக்கள்ல விலகிப் போறவங்களுக்குக் கட்டின தொகையை மட்டும் குடுத்துக் கையெழுத்து வாங்கிடுறாங்க. "உன் பணம் முழுசா வந்துடுச்சா"ன்னு கேட்டா, வந்துடுச்சுன்னுதான் அவங்களும் சொல்லுவாங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் கட்டின பணத்தை அந்தந்த வருஷ விலையில இருந்து 2024 விலைக்கு மாத்திக் கணக்குப் போட்டா 20,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல வருது. அதாவது லாபம் ஒரு பைசா இல்லாம, போட்டது போட்டபடி திரும்பக் கிடைக்கணும்னாலே 20,000 வேணும். 14,400 குடுத்தா, பன்னெண்டு வருஷ உழைப்புல நாலுல ஒரு பங்குக்கு மேல குழுவுலயே விட்டுட்டுப் போறாங்க. குழு அந்தப் பணத்தை உள்கடன் குடுத்து வட்டி வாங்கியிருக்குமே, அதுல அவங்களுக்குப் பங்கு இல்லையா?

உள்கடனைப் பத்தியும் சொல்லணும். நூத்துக்கு மாசம் ஒரு ரூபாய்னு குடுத்தா வருஷத்துக்கு 12 சதவீதம். விலை ஆறு சதவீதம் ஏறினாலும் குழுவுக்கு ஆறு மிஞ்சும். கடன் வாங்குற அக்காவுக்கும் வெளியில அஞ்சு வட்டிக்கு வாங்குறதைவிட எவ்வளவோ மேல். அதுக்காக பேங்க்ல ஒரு ரூபாய் விடாம எல்லாத்தையும் கடனா குடுத்துடாதீங்க. 50,000 முழுசும் கடன்ல இருந்தா வருஷத்துக்கு 6,000 வட்டி வரும். அதுல ஒரு 10,000 ரூபாய் கடன் திரும்ப வரலைன்னா ஒன்றரை வருஷ வட்டிக்கு மேல போயிடும். ராத்திரியில ஆஸ்பத்திரிக்கு ஓடுறதுக்கும் கொஞ்சம் பணம் எடுக்கிற மாதிரி இருக்கணும். அந்தக் கொஞ்சப் பணத்துக்கு 2.5 வட்டி வந்தா போதும். அது காவலுக்கு வச்ச பணம், அதுகிட்ட லாபம் கேக்கக் கூடாது.

தங்கம் வாங்கினா போதுமேன்னு நீங்க கேப்பீங்கன்னு தெரியும். நீண்ட காலத்துல தங்கம் விலைவாசியைத் தாண்டி ஓடியிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா 2020 ஆகஸ்ட்ல சவரன் 43,000-ஐத் தாண்டினப்போ வாங்கினவங்க, 2021 மார்ச் கடைசியில அவசரத்துக்கு விக்கப் போயிருந்தா 34,000 கூட கிடைச்சிருக்காது. செய்கூலி, சேதாரம் வேற. பொண்ணு கல்யாணத்துக்குப் பத்து வருஷம் இருக்குன்னா தங்கம் சரி. அடுத்த ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய பணத்தைத் தங்கத்துல போடாதீங்க.

அடுத்த மாசக் கூட்டத்துல எங்க குழு மூணு விஷயத்தைத் தீர்மானத்துக்கு வைக்குது. சேமிப்புக் கணக்குல சும்மா கிடக்கிற பணத்துல ரெண்டு மாசச் சந்தா அளவு மட்டும் வச்சுட்டு, மீதியை முதல்ல உள்கடனுக்கும், கேக்க ஆள் இல்லைன்னா ஒரு வருஷ டெபாசிட்டுக்கும் மாத்துறது. மாசச் சந்தாவை ஒவ்வொரு ஏப்ரல்லயும் விலை ஏற்றத்தைப் பார்த்து உயர்த்துறது. முடியாத அக்காவுக்குப் பழைய தொகையே இருக்கட்டும், கட்டாயம் வேண்டாம். மூணாவது, விலகிப் போறவங்களுக்குக் கட்டின தொகையோட அவங்க பங்கு வட்டியும் சேர்த்துக் குடுக்கிறது. இந்த மூணாவதுக்குத்தான் எங்க குழுவுலயே எதிர்ப்பு இருக்கு. போறவங்களுக்குக் குடுத்தா இருக்கிறவங்களுக்குக் குறையுமேன்னு கேக்குறாங்க. மத்த குழுக்கள்ல இதை எப்படிச் செய்றீங்கன்னு இன்னிக்கு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கிட்ட வந்து சொல்லுங்க. நோட்டு கொண்டு வந்திருக்கேன், எழுதிக்கிறேன்.