யார் எத்தனை டன் விற்றார்கள்?

சோளத் தீவனத்தை மட்டும் தின்றால் கோழிக்கும் பன்றிக்கும் லைசின் என்ற சத்து போதுமான அளவு கிடைக்காது. அதைத் தனியாகக் கலந்தால்தான் சீக்கிரம் சதை பிடிக்கும். இந்த லைசினின் உலகச் சந்தை ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் சிலவற்றின் கையில்தான் இருந்தது. 1991-ல் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட், சுருக்கமாக ஏ.டி.எம்., பெரிய ஆலையோடு உள்ளே நுழைந்தது. விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது. இதுவரை குற்றம் எதுவும் இல்லை, இது போட்டி.

1992 ஜூனில் மெக்சிகோ நகரத்தில் போட்டியாளர்கள் கூடி, விலையை ஏற்றுவதென்று பேசி முடித்தார்கள். விலை ஏறியது. ஆனால் அடுத்த ஆண்டே மறுபடி சரிந்தது. ஏன்?

கூட்டாகச் சேர்ந்து விலையை ஏற்றிவிட்டால், ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை வரும். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் எதிராளியின் வாடிக்கையாளரை இழுத்துவிடலாமே! எல்லாரும் அப்படியே செய்தால் கூட்டு உடைந்துவிடும். விலையைப் பேசுவது எளிது, ஒருவரை ஒருவர் நம்புவதுதான் கடினம்.

அதனால் 1993 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் இர்வைனில் ஏ.டி.எம்.மும் ஜப்பானிய நிறுவனமான அஜினமோட்டோவும் விற்பனை அளவைப் பற்றிப் பேசின. பிறகு ஆளுக்கு இத்தனை டன் என்று பங்கு பிரித்தார்கள். ஒவ்வொருவரும் மாதாமாதம் விற்ற கணக்கை அஜினமோட்டோவிடம் சொல்ல வேண்டும். பங்குக்கு மேல் விற்றவர், குறைவாக விற்றவரிடமிருந்து ஆண்டு முடிவில் அந்த அளவுக்குச் சரக்கு வாங்கி ஈடுகட்ட வேண்டும். இனி திருட்டுத்தனமாக அதிகம் விற்று என்ன லாபம்? கூட்டின் உயிர் இந்தக் கணக்கில்தான் இருந்தது. எனக்கு இந்த வழக்கில் மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். ஒருவரை ஒருவர் கண்காணிக்கப் போட்ட கணக்கே பின்னால் சாட்சியும் ஆயிற்று.

கூட்டங்களுக்குத் திரையாகத் தொழில்துறைச் சங்கம் ஒன்று இருந்தது. ஆனால் ஏ.டி.எம். அதிகாரி மார்க் விட்டேகர் 1992 நவம்பரிலேயே எஃப்.பி.ஐ.யிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பேச்சுகள் ரகசியமாகப் பதிவாயின. 1995 ஜூனில் சோதனை நடந்தது. 1996-ல் ஏ.டி.எம். குற்றத்தை ஒப்புக்கொண்டு, இன்னொரு கூட்டான சிட்ரிக் அமில வழக்கையும் சேர்த்து 10 கோடி டாலர் அபராதம் கட்டியது.

மாணவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் மிகப் பெரியதாக இருப்பது குற்றமல்ல. இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தடுக்கவில்லை, அதைத் தவறாகப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. அதற்கு முதலில் எது சந்தை, அதில் அந்த நிறுவனத்துக்கு ஆதிக்கம் உண்டா, அதை வைத்து என்ன செய்தது என்று படிப்படியாக நிறுவ வேண்டும். 3-ஆம் பிரிவில் வரும் கூட்டு அப்படியல்ல. போட்டியாளர்கள் விலை பேசினார்கள் என்று நிரூபித்துவிட்டால், போட்டிக்குப் பாதிப்பு உண்டு என்றே சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர்களுடையது.

லைசின் வழக்கில் ரகசியத்தை வெளியே சொன்ன விட்டேகருக்கும் சிறைதான் கிடைத்தது. எஃப்.பி.ஐ.க்கு உதவிய அதே காலத்தில் அவர் நிறுவனத்தின் பணத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.